செம்மறிப் பாலும் ஒட்டகப் பாலும்: தயிராகவும் சீஸாகவும் மாற்றுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், கடையில் வாங்கிய ஒரு லிட்டர் ஒட்டகப் பாலை, ஊரில் பசும்பாலுக்குச் செய்வது போலவே நன்றாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி இரவு முழுவதும் மூடி வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது புளிப்பு வாசம் வந்தது, ஆனால் தயிர் இல்லை. கரண்டியால் கலக்கியதும், நீர் மோரில் மாவைக் கரைத்தது போல மெல்லிய துகள்கள் மிதந்தன. பால் கெட்டுவிடவும் இல்லை, உறை வேலை செய்யாமல் போகவும் இல்லை. அந்தப் பாலின் புரதம் உறுதியான வலையாகப் பின்னிக்கொள்ளும் அமைப்பில் இல்லை என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

செம்மறிப் பாலையும் ஒட்டகப் பாலையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுமே தயிருக்கும் சீஸுக்கும் கடினமானவை என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதிதான் சரி. ஒட்டகப் பால் உறையத் தயங்குவதால் கடினமானது. செம்மறிப் பாலோ மிக விரைவாகவும் மிக இறுக்கமாகவும் உறைவதால், பசும்பால் கணக்கிலேயே பழகிய கைக்குக் கடினமாகத் தெரிவது. ஒன்றுக்குரிய தீர்வு மற்றொன்றுக்குத் தீங்காக முடியும் என்பதால், முதலில் காரணத்தைப் பார்த்துவிட்டுச் செய்முறைக்குப் போவது நல்லது.

பால் எதனால் உறைகிறது

பாலில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி கேசீன். அது தனித்தனி மூலக்கூறுகளாக இல்லாமல், கால்சியத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. அந்த உருண்டைகளின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்னும் வகை, தேங்காய் நார் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார் இருக்கும்வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

நாரைச் செயலிழக்கச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. தயிரில் பாக்டீரியா உண்டாக்கும் புளிப்பு, உருண்டைகளின் மின்னேற்றத்தைக் குறைத்து நாரைப் படிய வைக்கிறது, புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவான பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. சீஸில், பாலை உறைய வைக்கச் சேர்க்கும் ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்னும் நொதி நாரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நறுக்கிவிடுகிறது. இரண்டு வழியிலும் உருண்டைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வலையாகின்றன. அந்த வலைக்குள் தண்ணீரும் கொழுப்பும் சிக்கிக்கொள்வதையே நாம் கட்டித் தயிர் என்கிறோம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வலை பின்னக் கேசீன் எவ்வளவு இருக்கிறது, உருண்டைகள் எவ்வளவு பெரியவை, நாரை நறுக்கும் கத்தி அந்த நாருக்குப் பொருந்துகிறதா?

பசும்பாலில் கேசீன் சுமார் 2.7 விழுக்காடு. செம்மறிப் பாலில் அது 4 விழுக்காட்டைத் தாண்டும். கொழுப்பும் 6 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும். தண்ணீர் நீங்கலான மொத்தத் திடப்பொருள் 17 முதல் 19 விழுக்காடு. ஒட்டகப் பாலின் கேசீன் அளவு பசும்பாலை விடச் சற்றே குறைவு, கொழுப்பும் 3 விழுக்காட்டை ஒட்டியது. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஒட்டகப் பால் கொஞ்சம் இளகிய தயிரையாவது தர வேண்டும். தராததற்குக் காரணம் அளவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

பசும்பாலின் கேசீனில் கப்பா வகை சுமார் 13 விழுக்காடு. ஒட்டகப் பாலிலோ 3.5 விழுக்காடு அளவுதான். மேற்பரப்பை மூடும் பொருள் குறைந்தால் உருண்டைகள் பெரிதாகத்தான் உருவாக முடியும். ஒட்டகப் பாலின் உருண்டைகள் பசும்பாலினுடையவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விட்டம் கொண்டவை. ஒரே எடையுள்ள கடுகையும் கொண்டைக்கடலையையும் இரண்டு கிண்ணங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். கடுகில் ஒன்றையொன்று தொடும் இடங்கள் எண்ணற்றவை, கொண்டைக்கடலையில் சில மட்டுமே. ஒட்டகப் பாலின் வலை அந்தக் கொண்டைக்கடலை வலை, தொட்டால் குலைந்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. பசும்பாலை 85 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் புரதம் கப்பா கேசீனோடு பிணைந்து, பிறகு உருவாகும் தயிர் வலைக்குக் கூடுதல் முட்டுக் கொடுக்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சினால் தயிர் கெட்டியாகும் என்ற நம் வீட்டு அனுபவத்தில் பாதி இந்த வேதியியல், மீதி தண்ணீர் சுண்டுவது. ஒட்டகப் பாலில் அந்தப் புரதமே இல்லை. எவ்வளவு காய்ச்சினாலும் முட்டுக் கொடுக்க ஆள் கிடையாது.

செம்மறிப் பால்: தயிர்

தமிழ்நாட்டில் மேச்சேரி, கீழக்கரிசல், சென்னைச் சிவப்பு போன்ற செம்மறி இனங்கள் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகின்றன. பால் குட்டிக்குப் போய்விடும். செம்மறிப் பாலுக்கென்றே வளர்ந்த மரபு தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும்தான் வலுவாக இருக்கிறது. பிரான்சின் ரோக்ஃபோர் சீஸ் லக்கோன் இன ஆட்டின் பாலிலும், ஸ்பெயினின் மான்சேகோ சீஸ் அந்த நாட்டு மான்சேகா ஆட்டின் பாலிலும் செய்யப்படுகின்றன. கிரேக்க ஃபெட்டாவில் குறைந்தது 70 விழுக்காடு செம்மறிப் பாலாக இருக்க வேண்டும் என்பது விதி.

தயிருக்குப் பாலைக் கனமான அடியுள்ள பாத்திரத்தில் 85 டிகிரிக்குச் சூடாக்கி 10 நிமிடம் அதே சூட்டில் வைக்கவும். திடப்பொருள் மிகுதியாக இருப்பதால் அடிப்பிடிப்பது பசும்பாலை விட எளிது. கிளறுவதை நிறுத்த வேண்டாம். சுண்டக் காய்ச்சவும் வேண்டாம், பால் பவுடரும் சேர்க்க வேண்டாம். 43 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு 20 கிராம் உறையைக் கரைத்துச் சேர்த்து, உடனே பரிமாறும் கிண்ணங்களில் ஊற்றி, அசைக்காமல் வைக்கவும்.

இங்கே பொறுமை வேண்டும். செம்மறிப் பாலில் புரதமும் தாது உப்புகளும் மிகுந்திருப்பதால், பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை அவை உறிஞ்சிக்கொண்டு பிஎச் குறைவதைத் தாமதப்படுத்துகின்றன. பசும்பாலுக்கு 4 மணி நேரம் போதுமென்றால் இதற்கு 5 அல்லது 6 ஆகலாம். இதே காரணத்தால் அமிலத் தன்மையைச் சொட்டு முறையில் அளப்பவர்கள் ஏமாறுவதுண்டு: பசும்பாலில் 0.15 விழுக்காடு காட்டும் சோதனை, கறந்த சூட்டில் இருக்கும் நல்ல செம்மறிப் பாலில் 0.22-க்கு மேல் காட்டும். பால் புளித்துவிட்டது என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம். பிஎச் மீட்டரை நம்புங்கள்.

செம்மறிப் பால்: சீஸ்

சீஸில்தான் வேகம் ஆளைப் பதம் பார்க்கிறது. பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, 32 டிகிரிக்கு ஆற்றி, உறைப் பாக்டீரியாவைச் சேர்த்து அரை மணி நேரம் விடவும். கால்சியம் குளோரைடு தேவையில்லை. பாலிலேயே கால்சியம் போதிய அளவு இருக்கிறது. ரென்னெட் பொட்டலத்தில் பசும்பாலுக்குச் சொன்ன அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். அதைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் மட்டும் மெதுவாகக் கலக்கி நிறுத்தவும்.

இப்போது சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைப் பாலின் மேல் மிதக்கவிட்டு, விரலால் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். முதலில் தடையில்லாமல் சுழலும். ஒரு கட்டத்தில் தேனில் மாட்டியது போலச் சட்டென்று நின்றுவிடும். ரென்னெட் ஊற்றியதிலிருந்து அந்த நொடி வரை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பசும்பாலில் அந்த நேரத்தின் மூன்று மடங்கில் வெட்டுவது வழக்கம். செம்மறிப் பாலில் இரண்டரை மடங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிண்ணம் 10 நிமிடத்தில் நின்றால் 25-ஆவது நிமிடத்தில் கத்தி உள்ளே போய்விட வேண்டும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பது கத்தியிலேயே தெரியும். சரியான பதத்தில் வெட்டுவாய் பளபளவென்று நேராக இருக்கும். பொழுது கடந்தால் அல்வாவை இழுப்பது போலக் கட்டி கிழியும். அப்படிக் கிழிந்த துண்டுகளின் நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அழுத்தி வைத்தாலும் வெளியேறாது. சில நாளில் சீஸின் உள்ளே புளிப்பும் ஈரப் பொத்தல்களும் தோன்றும்.

இந்த வேகத்துக்கு ஈடாகக் கிடைப்பது விளைச்சல். ஒரு கிலோ சீஸுக்குப் பசும்பால் ஏறக்குறைய 10 லிட்டர் என்றால், செம்மறிப் பால் 5 அல்லது 6 லிட்டரே போதும். ஆனால் ஓர் ஆடு ஒரு நாளில் தருவது பல இனங்களில் ஒரு லிட்டரை ஒட்டிய அளவுதான், அதுவும் குட்டி ஈன்ற பருவத்தில் மட்டும். அதனால் சேர்த்து வைக்க உறைய வைப்பார்கள். வீட்டு ஃப்ரீஸரின் மிதமான குளிரில் மாதக்கணக்கில் கிடந்தால் கேசீன் நிலை குலைந்து, உருக்கும்போது திரிதிரியாகப் பிரியும். −25 டிகிரி அளவுக் கடுங்குளிரில் வைத்தால் நீண்ட நாள் தாங்கும். பாலை ஓங்கி ஊற்றுவதும் வேகமாகப் பம்ப் செய்வதும் கூடாது. கொழுப்புத் துளிகள் உடைந்தால் செம்மறிப் பாலில் மிகுந்திருக்கும் சிறு கொழுப்பமிலங்கள் விடுபட்டு, முற்றிய ஆட்டுக் கிடாயின் வாடையும் தொண்டையைப் பிடிக்கும் காரமும் வந்துவிடும்.

ஒட்டகப் பால்: வாங்கும்போது

பாஸ்டரைஸ் செய்த பாலையே வாங்குங்கள். பண்ணையில் நேரடியாகக் கிடைத்தால் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே கை வையுங்கள்; புருசெல்லா பாக்டீரியாவும், மெர்ஸ் கொரோனா வைரஸும் பச்சை ஒட்டகப் பாலை ஆபத்தாக்கக்கூடியவை.

பாலின் பருவமும் முக்கியம். குடிக்கத் தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் பாலைச் சுண்டவிடாமல், கன்றின் தாகத்துக்காகத் தண்ணீர் மிகுந்த பாலைக் கொடுக்கும். நீர்ப் பங்கு 86 விழுக்காட்டிலிருந்து 91 வரை ஏறியதும், கொழுப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததும் இஸ்ரேலில் நடந்த சோதனையில் பதிவாகியுள்ளன. கோடை உச்சத்தில் கிடைக்கும் அத்தகைய பாலில் சீஸ் முயற்சி வீண்.

ஒட்டகப் பால்: தயிர்

சூடானின் கரிஸ், சோமாலியரும் வட கென்யரும் செய்யும் சூசாக், கசக்குகளின் ஷுபாத் எல்லாமே புளித்த ஒட்டகப் பால், எல்லாமே குடிப்பவை. கரிஸைத் தோல்பையில் ஊற்றி ஒட்டகத்தின் சேணத்தில் தொங்கவிட்டு, நடையின் குலுக்கலிலேயே புளிக்க வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பாலோடு வாழ்ந்தவர்கள் கட்டித் தயிருக்கு ஆசைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. என் கருத்தில் ஒட்டகப் பாலின் மிகச் சிறந்த வடிவம் உப்புப் போட்ட மோர்தான். ஆனாலும் கரண்டியில் நிற்கும் தயிர் வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு தாங்கி வேண்டும்.

ஒரு லிட்டர் பாலுக்கு 8 கிராம் ஜெலட்டின் எடுத்து, அரைக் கோப்பை குளிர்ந்த பாலில் 10 நிமிடம் ஊறவிடவும். மீதிப் பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, ஊறிய ஜெலட்டினை அதில் முழுவதும் கரைக்கவும். 43 டிகிரிக்கு ஆறியதும் உறை சேர்க்கவும். பசும்பாலுக்கு 20 கிராம் என்றால் இதற்கு 50 கிராம். ஒட்டகப் பாலில் பாக்டீரியாவைத் தடுக்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் கூடுதலாக இருப்பதால் உறை மெதுவாகவே பெருகும். 8 முதல் 10 மணி நேரம் அதே சூட்டில் விட்டு, பிஎச் 4.6-க்கு வந்ததும் குளிர்பெட்டிக்கு மாற்றவும்.

சூட்டிலிருந்து எடுக்கும்போது அது இன்னும் பால் போலவே ஓடும். ஜெலட்டின் குளிரில்தான் இறுகும் என்பதால் ஓர் இரவு காத்திருங்கள். சைவமாக வேண்டுமென்றால் 2 கிராம் கடல்பாசிப் பொடியை, அதாவது சைனா கிராஸை, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கரைத்துச் சேர்க்கலாம். அதில் கட்டி சற்று உடைந்தாற்போல் இருக்கும், ஓரத்தில் தண்ணீரும் பிரியும்.

ஒட்டகப் பால்: சீஸ்

எலுமிச்சை பிழிந்து பன்னீர் போலச் செய்ய முயன்றால் தூள் தூளாகத் திரிந்து பாதி துணி வழியே போய்விடும். கன்றுக்குட்டி ரென்னெட்டும் உதவாது. கன்றின் கைமோசின் பசும்பாலின் கப்பா கேசீனை 105, 106 ஆகிய இரண்டு அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டப் பழகியது; ஒட்டகத்தில் வெட்ட வேண்டிய இடம் 97-க்கும் 98-க்கும் இடையில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள அமைப்பும் வேறு. பூட்டுக்குப் பொருந்தாத சாவி அது. 1990-களில் மொரித்தானியாவின் நுவாக்சோத்தில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு, ரென்னெட்டைக் கூட்டியும் கால்சியம் உப்புச் சேர்த்தும் ஒரு வழியாக மென் சீஸ் செய்தார்கள்.

2006-இல் ஒட்டகத்தின் சொந்தக் கைமோசினைப் பூஞ்சைக்குள் உற்பத்தி செய்து ஆராய்ந்தபோது கதை மாறியது. அது ஒட்டகப் பாலை உறைய வைப்பதோடு, பசும்பாலையே கன்றின் கைமோசினை விட 70 விழுக்காடு கூடுதல் திறனோடு உறைய வைத்தது. புரதத்தைக் கண்டபடி சிதைப்பதும் குறைவு. இன்று பசும்பால் சீஸ் ஆலைகளே அதை வாங்குகின்றன. விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படாதது என்பதால் சைவ ரென்னெட்டாகவும் விற்கப்படுகிறது. வாங்கும்போது ஒட்டகக் கைமோசின் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்; வெறுமனே சைவ ரென்னெட் என்றிருந்தால் அது வேறு பூஞ்சை நொதியாகவும் இருக்கலாம்.

5 லிட்டர் பாலுக்கான கணக்கு இது. பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, 100 கிராம் உறைப் பாக்டீரியாக் கரைசலைச் சேர்த்து, பிஎச் 6.3 வரும்வரை விடவும். இதற்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம். லிட்டருக்கு 0.15 கிராம் வீதம் முக்கால் கிராம் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கவும். நொதியின் பலம் ஐ.எம்.சி.யு. என்னும் அலகில் குறிக்கப்படும். லிட்டருக்கு 80 அலகு வைத்தால் 5 லிட்டருக்கு 400. மில்லி லிட்டருக்கு 1,000 அலகுள்ள திரவம் என்றால் 0.4 மி.லி. ஊசிக் குழலால் அளந்து, கொதித்து ஆறிய இரண்டு கரண்டி தண்ணீரில் கலந்து ஊற்றவும்.

மிதக்கும் கிண்ணம் நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அசைக்காதீர்கள். வெட்டுவாய் பளபளக்கும் என்று காத்திருந்தால் அது நடக்காது. இளநீர் வழுக்கையின் பதமே இதன் உச்சம். கத்தியால் வெட்டிக் கிளறினால் கரைந்துபோகும். தட்டைக் கரண்டியால் மெல்லிய ஏடுகளாக அள்ளி, இரண்டாக மடித்த நெருக்கமான பருத்தித் துணி விரித்த வடிதட்டில் அடுக்கி, அறை வெப்பத்தில் 15 மணி நேரம் தன் எடையிலேயே வடியவிடவும்.

வடியும் தண்ணீர் பசும்பாலில் போல் இளம்பச்சையாக இல்லாமல் வெள்ளையாக இருக்கும். கேசீன் துகளும் கொழுப்பும் ஓரளவு வெளியேறுவதன் அடையாளம் அது, கொஞ்சம் இயல்பு. பால் போலவே அடர்ந்து ஓடினால் நொதி குறைவு, அல்லது சீக்கிரம் அள்ளிவிட்டீர்கள். எல்லாம் சரியாக நடந்தால் அரைக் கிலோவை ஒட்டிய மென்மையான சீஸ் கிடைக்கும். 5 கிராம் உப்புப் பிசிறி, குளிர்பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடவும். இதை அழுத்தி முதிர வைக்க வீட்டில் முயல வேண்டாம்.

இரண்டையும் கலப்பது

ஒன்றின் மிகையும் மற்றதன் குறையும் ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால், 4 லிட்டர் ஒட்டகப் பாலுக்கு ஒரு லிட்டர் செம்மறிப் பால் சேர்த்தால் மேற்சொன்ன செய்முறையிலேயே கட்டி உறுதிப்படும், வடியும் தண்ணீர் தெளியும், விளைச்சலும் ஏறும். நொதி அதே ஒட்டகக் கைமோசினாக இருக்க வேண்டும். கன்று ரென்னெட்டைப் போட்டால் செம்மறிப் பங்கு மட்டும் உறைந்து, ஒட்டகப் பங்கின் பெரும்பகுதி துணி வழியே போய்விடும்.

பசும்பால் ஒவ்வாமையால் ஒட்டகப் பாலுக்கு மாறியவர் வீட்டில் இருந்தால் இந்தக் கலவையும், தயிர் கெட்டியாகப் பசும்பால் பவுடர் சேர்ப்பதும் கூடாது. தயிர் கெட்டியாகத் துணை நிற்கும் அதே பீட்டா லாக்டோகுளோபுலின்தான் பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்களில் ஒன்று. செம்மறிப் பாலில் அது தாராளமாக இருக்கிறது.